"வெறும் 3.3 வீதம்தான்" எண்டு சொல்றவைக்கு

என்ர சிநேகிதி ஒருத்தி பனையோலைப் பெட்டிகளை ஒன்லைனில் விற்கத் தொடங்கினாள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் திறந்தபிறகு, பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். விற்பனைப் பிரதிநிதி சொன்னது ஒரே வசனம்: "வெறும் 3.3 வீதம்தான் மிஸ்." அந்த 'வெறும்' என்ற சொல்லோடதான் எனக்குச் சண்டை.

கணக்கைப் பாருங்கோ. பெட்டி 2,500 ரூபா, டெலிவரி 400. வாடிக்கையாளர் கட்டுறது 2,900. கொமிஷன் வெட்டப்படுறது பெட்டி விலையில் இல்லை, முழு 2,900இலும்தான்: 95 ரூபா 70 சதம். கூரியர்காரனுக்குப் போற காசுக்கும் அவள்தான் கொமிஷன் கட்டுறாள். மாதக் கட்டணம் 3,000 ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மாதம் 20 ஓர்டர் எண்டால், ஓர்டருக்கு 150. மொத்தம் 245.70. அதாவது கிட்டத்தட்ட 8.5 வீதம். ஒரு பெட்டியில் அவளுக்கு மிஞ்சுற இலாபமே 600 ரூபாதான்.

20 ஓர்டர் வாற கடைக்கு மாதக் கட்டணம் இல்லாத திட்டம், 5 வீதம் எண்டாலும் மலிவு. இதை அந்தப் பிரதிநிதி ஏன் சொல்லேல்ல?

அடுத்தது காசு வாற நாள். வெள்ளி பின்னேரம் பத்து ஓர்டர். திரையில் 'Paid' எண்டு பச்சையில் வருது. ஆனா அந்த 29,000 இன்னும் அவளின்ர கையில் இல்லை. வாடிக்கையாளரின் வங்கி, கார்ட் வலையமைப்பு, கேட்வேயின் வங்கி எண்டு கடந்து, கேட்வே தன் பங்கை வெட்டினபிறகுதான் மிச்சம் வரும். ஒப்பந்தத்தில் 'மூன்று வேலை நாள்'. சனி, ஞாயிறு கணக்கில்லை. திங்கள் போயா. செவ்வாய் தொடங்கி எண்ணினால் வியாழன். ஓலை வாங்கக் காசு தேவைப்பட்டது திங்கள்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கு, ஒத்துக்கொள்றன். வாடிக்கையாளர் "நான் வாங்கேல்ல" எண்டு வங்கியில் முறையிட்டால் காசு திரும்பிப் போகலாம். அந்த ஆபத்துக்காகப் புதுக்கடையின் காசைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கினம். சரி. அதைக் கையெழுத்துக்கு முதலே சொல்லுறதுக்கு என்ன கேடு?

"ஒப்பந்தத்தை வாசிச்சிருக்கலாமே" எண்டு சிலர் சொல்லுவினம். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், பல பக்கம். விற்கேக்க மட்டும் தமிழில் இனிக்க இனிக்கக் கதைக்கத் தெரியுதெல்லோ? அந்தக் கட்டணங்களையும் ஒரு பக்கத்தில் தமிழில் போடுங்கோ.

அதுவரைக்கும் கையெழுத்து வைக்க முதல் நாலு கேள்வியை எழுத்தில் கேளுங்கோ. கொமிஷன் எந்தத் தொகையில்? மாதக் கட்டணம், தொடக்கக் கட்டணம் இருக்கா? காசு எத்தனை வேலை நாளில், எந்த நாளிலிருந்து எண்ணி? வாடிக்கையாளருக்குக் காசைத் திருப்பினால் வெட்டின கொமிஷன் திரும்பி வருமா? கடைசிக் கேள்விக்குத்தான் அவள் பதில் தெரியாமல் இருந்தாள். ஒரு பெட்டி உடைஞ்சு போய், 2,900ஐயும் திருப்பிக் குடுத்த பிறகுதான் அந்த 95.70 வராது எண்டு தெரிஞ்சது.