கேஸ் டாப்-அப் பண்ணியே பழகினவங்களுக்கு ஏசி கான்ட்ராக்ட் நஷ்டம்தான்

சைடு இன்கம் பத்தி பேசும்போதெல்லாம் ஏசி மெக்கானிக் வேலையைச் சொல்லுங்கன்னு நிறைய பேர் கேட்கறீங்க. இந்தத் தடவை ஒரே ஒரு கேஸை எடுத்துக்கிட்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போற ரோட்டில் இருக்கிற ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒரு தம்பி. ஐடிஐயில் ரெண்டு வருஷ ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் டெக்னீஷியன் படிப்பு முடிச்சவர். திண்டுக்கல்லில் ஒரு டீலர்கிட்ட சர்வீஸ் வேலை, மாசச் சம்பளம். அவருக்குத் தெரிஞ்ச ஒரு நர்சிங் ஹோம்ல 10 ஸ்ப்ளிட் ஏசி இருக்கு. "வருஷத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கோ, கேஸ், ஸ்பேர் எல்லாம் உன் பொறுப்பு"ன்னு சொல்லியிருக்காங்க. ஒரு ஏசிக்கு 4,500 வீதம் 45,000 ரூபாய். "அண்ணே, சர்டிஃபிகேட் கையில இருக்கு, எடுத்துடலாமா?"ன்னு கேட்டார்.

என் பதில்: சர்டிஃபிகேட் உங்களை உள்ளே விடும். அந்த 45,000-ல எவ்வளவு உங்க கையில நிக்கும்ங்கறதை நீங்க கேஸை எப்படிக் கையாளறீங்கன்னுதான் முடிவு பண்ணும்.

முதல்ல சர்டிஃபிகேட் விஷயம். அமெரிக்காவில் செக்‌ஷன் 608 சர்டிஃபிகேட் இல்லாம ஒரு டெக்னீஷியன் கேஸ் சம்பந்தப்பட்ட வேலையில் கை வைக்கவே சட்டம் விடாது. நம்ம நாட்டில் தனி டெக்னீஷியனுக்கு அப்படி ஒரு கட்டாய லைசன்ஸ் கிடையாது. ஓசோன் பொருட்களுக்கான 2000-ம் ஆண்டு விதிகள் பெரும்பாலும் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை பக்கம் நிக்குது. அதனால ஐடிஐ படிக்காம, அனுபவத்திலேயே வேலை கத்துக்கிட்டவங்களும் தொழில் பண்ணலாம், பண்றாங்க. ஆனா கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் வருஷக் கான்ட்ராக்ட் கொடுக்கும்போது பேப்பர் கேட்பாங்க. ஐடிஐ இல்லாதவங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் துறைத் திறன் கவுன்சிலோட 'ஃபீல்டு டெக்னீஷியன் – ஏர் கண்டிஷனர்' சான்றிதழ் இருக்கு. ஏற்கனவே வேலை தெரிஞ்சவங்களோட அனுபவத்தைச் சோதிச்சு அங்கீகரிக்கிற வழியும் இருக்கு. 2019-ல மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டத்திலேயே ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி கொடுக்கறதை இலக்காச் சொல்லியிருந்தாங்க.

இப்போ பணத்துக்கு வருவோம். வீட்டுக்கு வீடு போய் வேலை பார்க்கிற மெக்கானிக்குக்கு கேஸ் லீக் ஒரு வருமானம். கூலிங் இல்லைன்னு கூப்பிடுவாங்க, டாப்-அப் பண்ணுவார், காசு வாங்குவார். மூணு மாசத்தில் மறுபடி கூப்பிடுவாங்க, மறுபடி காசு. யாரும் வேணும்னு ஏமாத்தறாங்கன்னு நான் சொல்லலை. லீக் தேட நேரமாகும், கஸ்டமரும் "சீக்கிரம் முடிங்க"ன்னு நிப்பார்.

'எல்லாம் உன் பொறுப்பு' கான்ட்ராக்டில் இந்தக் கணக்கு தலைகீழாயிடும். தொகையை முன்னாடியே பேசி முடிச்சாச்சு. இனிமே வெளியே போற ஒவ்வொரு கிராம் கேஸும் உங்க பாக்கெட்ல இருந்து போறது.

தம்பியோட கணக்கையே போடுவோம். நம்பர்கள் எல்லாம் நான் கணக்குக்காக வச்சது, உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. வருஷத்துக்கு ஏசிக்கு 4 சர்வீஸ், மொத்தம் 40. ஒண்ணுக்குக் கூலி 350-ன்னா 14,000. கெபாசிட்டர், சென்சார் மாதிரி சில்லறை ஸ்பேர் 6,000. பெட்ரோல் 3,000. ஆக 23,000 செலவு, மிச்சம் 22,000. இதில் மூணு ஏசி லீக் ஆகுதுன்னு வைங்க.

லீக்கைக் கண்டுபிடிச்சு, சரி பண்ணி, முறையா ஒரே தடவை கேஸ் போட்டா ஒண்ணுக்கு 2,000, மூணுக்கு 6,000. கையில 16,000 நிக்கும். டாப்-அப் மட்டும் பண்ணினா தடவைக்கு 1,200, வருஷத்துக்கு நாலு தடவை, மூணு ஏசி: 14,400. கேஸ் குறைஞ்ச நிலையிலேயே ஓடிச் சூடாகி ஒரு கம்ப்ரசர் போச்சுன்னா இன்னொரு 9,000. 22,000-ல 23,400 போச்சு. கையிலிருந்து 1,400 நஷ்டம்.

அந்த 'முறையா'ன்னா என்ன? ட்ரெயினிங்கில் சொல்லித் தர்றதுதான், சைட்டில் பலர் தாண்டிப் போறதும் அதுதான்.

லீக்கை முதல்ல கண்ணால தேடணும். கேஸோட சேர்ந்து கொஞ்சம் ஆயிலும் கசியும். ஃப்ளேர் நட் பக்கம் எண்ணெய்க் கறை, அதில் தூசி ஒட்டியிருந்தா சந்தேகம் அங்கேதான். அப்புறம் மிச்சக் கேஸை ரெக்கவரி மிஷின் வழியா சிலிண்டருக்கு எடுத்துட்டு, நைட்ரஜனை ரெகுலேட்டரோட, கம்பெனி மேனுவல்ல சொன்ன பிரஷர் வரைக்கும் ஏத்தி, சோப்பு நுரை வச்சுப் பார்க்கணும். நைட்ரஜன் இல்லைன்னு வெல்டிங்குக்கு வச்ச ஆக்ஸிஜனை ஏத்தற ஆட்கள் இன்னும் இருக்காங்க. கம்ப்ரசர் ஆயிலும் ஆக்ஸிஜனும் பிரஷர்ல சேர்ந்தா வெடிக்கும். இதில் விளையாட்டே வேண்டாம்.

சரி பண்ணின பிறகு வேக்குவம். "பத்து நிமிஷம் பம்ப் ஓட்டினேன்"ங்கறது அளவு இல்லை. மைக்ரான் கேஜ் வச்சு 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பதினஞ்சு நிமிஷம் பார்க்கணும். நம்பர் நிக்காம ஏறிக்கிட்டே போனா லீக் இன்னும் இருக்கு. கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்னா உள்ளே ஈரம் இருக்கு, இன்னும் வேக்குவம் போடணும். டாப்-அப் பண்றவருக்கு இந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது.

கடைசியா கேஸைத் தராசில் எடை போட்டு ஏத்தணும். எவ்வளவு கிராம்னு வெளி யூனிட்டோட ஸ்டிக்கர்லயே இருக்கும். பிரஷரை மட்டும் பார்த்து ஏத்தினவங்க புது மிஷின்ல சறுக்கறது இங்கேதான். ஆர்-22 ஓடும்போது சக்‌ஷன் பக்கம் சுமார் 60–70 பிஎஸ்ஐ காட்டும். ஆர்-32-ல 110-க்கு மேலேயே சாதாரணமா நிக்கும். பழைய கை பழக்கத்தில் பார்த்தா, காலியாகிக்கிட்டிருக்கிற ஆர்-32 மிஷின்கூட நல்லா இருக்கிற மாதிரி தெரியும்.

ஆர்-32 லேசாத் தீப்பிடிக்கும் வகைங்கறதையும் மறக்காதீங்க. மூடின ரூம்ல திறந்து விட்டுட்டு பக்கத்திலேயே பிரேசிங் டார்ச் பத்த வைக்கக் கூடாது. மிஷினைக் கழட்டும்போது கேஸை வெளி யூனிட்டுக்குள்ளே இழுத்து அடைக்கிற பம்ப்-டவுன் வேலையிலும் ஆபத்து இருக்கு. குழாயில் லீக் இருந்தா காத்தும் சேர்ந்து உள்ளே போய் கம்ப்ரசர் வெடிச்சிடலாம். லீக் இருக்கிற மிஷினுக்குப் பம்ப்-டவுன் கிடையாது, ரெக்கவரி மட்டும்தான். ரெக்கவரி சிலிண்டரையும் 80 சதவீதத்துக்கு மேல நிரப்பக் கூடாது. வெயில்ல திரவம் விரியறதுக்கு இடம் வேணும், நம்ம திண்டுக்கல் மே மாச வெயிலைச் சொல்லவா வேணும்!

இந்த ரெக்கவரி மிஷினும் சிலிண்டரும்தான் பலரும் வாங்கத் தயங்கறது. விலை அதிகம்தான். மூணு நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி எடுத்துக்கறது என் யோசனை. தராசு, மைக்ரான் கேஜ், நைட்ரஜன் ரெகுலேட்டர் மூணும் மட்டும் சொந்தமா இருக்கணும். இதுக்கு இஎம்ஐ போடாதீங்க, முதல் கான்ட்ராக்ட் அட்வான்ஸில் வாங்குங்க. "காத்துல விட்டா யார் பிடிக்கப் போறா?"ன்னு கேட்பீங்க. தெருவில் யாரும் பிடிக்கப் போறதில்லை, உண்மை. ஆனா ஆர்-32-வோட வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 675 மடங்கு. ஒரு மிஷினோட 800 கிராமை விட்டா 540 கிலோவை விட்ட மாதிரி. ஆர்-22-க்கு இது 1,810 மடங்கு, அது ஓசோனையும் கெடுக்கும்.

தம்பிகிட்ட நான் முதல்ல கேட்டது, "10 மிஷின்லயும் என்ன கேஸ் இருக்கு?" தெரியாதுன்னார். போய் ஒவ்வொரு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துட்டு வந்தார். ஏழு ஆர்-32, மூணு பழைய ஆர்-22. ஆர்-22 கேஸை வச்சுப் புது ஏசி தயாரிக்கறதை இந்தியா 2024-ம் வருஷக் கடைசியோட நிறுத்தற மாதிரி விதி போட்டாச்சு. 2030-ல சர்வீஸுக்கான சின்ன ஒதுக்கீடு தவிர மொத்தமா முடியுது. அளவு குறையற பொருளோட விலை எந்தப் பக்கம் போகும்னு உங்களுக்கே தெரியும். அந்த விலை ஏத்தத்தை நீங்க ஏன் ஃபிக்ஸட் ரேட்ல சுமக்கணும்?

இன்னொண்ணு, இது நர்சிங் ஹோம். சில கிளீனிங் கெமிக்கல்களோட ஆவி ரூமுக்குள்ளேயே சுத்தும்போது, அதில் உருவாகிற அமிலங்கள் செம்பு காயிலை உள்ளுக்குள்ளே அரிக்கும். எறும்புப் புத்து மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஃப்ளேர் நட்டை எத்தனை தடவை டைட் பண்ணினாலும் இந்த லீக் நிக்காது, காயிலையே மாத்தணும். அது உங்க தப்பு இல்லை, உங்க செலவாவும் இருக்கக் கூடாது.

இதையெல்லாம் வச்சு கொட்டேஷனை மாத்தச் சொன்னேன். ஏழு ஆர்-32 மிஷினுக்கு 4,500 வீதம் 31,500, இதில் கேஸ் உண்டு, கம்ப்ரசரும் இன்டோர் காயிலும் கிடையாது. மூணு ஆர்-22-க்கு சர்வீஸ் மட்டும், 2,000 வீதம் 6,000. கேஸ் போட்டா எடைச் சீட்டுப்படி தனி பில். மொத்தம் 37,500. கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு தரப்பும் சேர்ந்து 10 மிஷினையும் ஓட்டிப் பார்த்து, அன்னைக்கே இருக்கிற லீக்குக்குத் தனிக் காசுன்னு ஒரு வரி. சம்பளம் கொடுக்கிற டீலரோட கஸ்டமர் லிஸ்ட்டில் இந்த நர்சிங் ஹோம் இல்லைங்கறதையும், வெளி வேலைக்கு அவங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் தடை இல்லைங்கறதையும் பார்த்துக்கச் சொன்னேன். இது தெரியாம வேலையை இழந்தா 37,500 ஒண்ணுமே இல்லை.

நர்சிங் ஹோம் கம்பெனியா இருந்தா, ஒரே கான்ட்ராக்ட் 30,000-த்தைத் தாண்டறதால 1 சதவீதம், அதாவது 375 ரூபாய் டிடிஎஸ் பிடிச்சுக்கிட்டுக் கொடுப்பாங்க. அது உங்க 26ஏஎஸ்ல தெரியும். சம்பளத்தோட சேர்த்துத் தொழில் வருமானமா ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும். உத்யம் பதிவு இலவசம், அதையும் இப்பவே போட்டுடுங்க. நாளைக்கு ஜெம் போர்ட்டல்ல மத்திய அரசு அலுவலக ஏசி பராமரிப்புக்கு பிட் போடும்போது வைப்புத்தொகை விலக்குக்கு உதவும். அங்கே பழைய வேலை அனுபவத்துக்கு ஆதாரமும் கேட்பாங்க, இந்த நர்சிங் ஹோம் ஒப்பந்தமே அதுக்கு முதல் பேப்பர்.

தம்பி புது கொட்டேஷனைக் கொடுத்துட்டு வந்தார். காயில் விலக்கை அவங்க உடனே ஒத்துக்கலை, ரெண்டு வாரம் இழுத்தாங்க. கடைசியில் காயிலுக்குப் பாதிப் பாதின்னு முடிஞ்சிருக்கு. நானா இருந்தா அதுக்கும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்.