ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன நடந்தது?

நம்ம வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் ஏதோ ஒரு ஆபீஸில் "ரிப்போர்ட் தானா ஓடிடும்" என்று சொல்லும் வேலையில்தான் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன், கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. ஆனாலும் தானாக ஓடுவதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஓடி முடித்தேன் என்று மட்டும் எழுதும் லாக், லாக்கே இல்லை.

எங்கள் அலுவலகத்தில் தினமும் ராத்திரி 1.10-க்கு மெயின்லேண்டில் இருந்து od.csv என்று ஒரு ஃபைல் வரும். தவணை பாக்கி வைத்தவர்களின் கணக்கு. 2 மணிக்கு ஆள் இல்லாமலே எக்ஸெல் அதை இழுத்துக்கொள்ளும். காலையில் அந்தப் பட்டியலை வைத்து போன் போடுவார்கள். முன்பெல்லாம் லாகில் இருந்தது "Refresh completed" என்ற ஒரே வரி. அதுவும் தினம் பழையதை அழித்துவிட்டு எழுதும்! போன வாரம் என்ன நடந்தது என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். மாற்றச் சொல்லி நச்சரித்து, கடைசியில் கூட வேலை பார்க்கும் பையன் மாற்றிக் கொடுத்தான்.

மாற்றியதன் அருமை 2025 மார்ச்சில் தெரிந்தது. ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் படகு வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர், 12-ம் தேதி புதன்கிழமை தவணையைக் கட்டியிருக்கிறார். மறுநாள் காலை, நாலு பேர் நிற்கும்போது, "பாக்கி கட்டவில்லை" என்று அவருக்குப் போன். கடலுக்குப் போய்விட்டு அடுத்த வியாழக்கிழமை ரசீதோடு வந்தார். "சார், நான் கட்டினேனா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். "உக்காருங்கண்ணே, பாத்து சொல்றேன்" என்று 13-ம் தேதி லாகைத் திறந்தோம்.

```
2025-03-13 02:00:04 START user=svc_rep
2025-03-13 02:00:06 SOURCE od.csv modified=2025-03-12 01:12 rows=4182
2025-03-13 02:01:40 LOADED rows=4182 last_txn=2025-03-11
2025-03-13 02:01:52 END status=OK
```

கடைசி வரி ஓகே என்கிறது. பொய்யும் இல்லை, எக்ஸெல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. ஆனால் இரண்டாவது வரியைப் பாருங்கள். 13-ம் தேதி ராத்திரி ஓடியது, எடுத்த ஃபைலோ 12-ம் தேதி 1.12-க்கு வந்தது. அன்றைக்குப் புது ஃபைல் வரவே இல்லை, பழையதையே மறுபடி தின்றிருக்கிறது. அதற்குள் இருக்கும் கடைசிப் பணவரவு 11-ம் தேதியுடையது. 12-ம் தேதி கட்டிய காசு அதில் எப்படி இருக்கும்? "கட்டினீங்கண்ணே, தப்பு எங்க பக்கம்" என்று இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடிந்தது. ஃபைல் ஏன் வரவில்லை என்பதை இந்த லாக் சொல்லாது. அதை அனுப்பும் வேலையின் லாகில்தான் பார்க்க வேண்டும். ஆனால் யாரைக் கேட்பது என்றாவது தெரிந்துவிட்டதே!

இப்போது ஃபைலுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வயதானால் status=STALE என்று எழுதி, பட்டியலை வெளியிடாமல் நின்றுவிடும்.

வந்த வரிசை எத்தனை, ஏறிய வரிசை எத்தனை என்று ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்துக் கதையைச் சொல்வேன். 2020-ல் அங்கே பொது சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தானாக இழுத்து பழைய எக்ஸ்.எல்.எஸ். வகை ஃபைலில் போட்டது. அதில் 65,536 வரிசைக்கு மேல் ஏறாது. மிச்சம் விழுந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போவதும் தாமதமானது. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால், மறுநாள் காலையிலேயே ஒரு குமாஸ்தா கண்டுபிடித்திருப்பார்.

"அதான் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரே காட்டுதே" என்பார்கள். அது காட்டும் 0x0-க்கு, கிளப்பிவிட்ட புரோகிராம் தகராறு இல்லாமல் மூடியது என்று மட்டுமே அர்த்தம். எக்ஸெல்லில் ரிப்ரெஷ் பின்னணியில் ஓடும்படி விட்டிருந்தால், தரவு வந்து சேருமுன்பே ஸேவ் செய்து மூடிவிட முடியும். அப்போதும் 0x0 தான்.

தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொன்னதும் நான்தான். 03/04 என்று இருந்தால் மார்ச்சா ஏப்ரலா என்று அடுத்த வாரம் யாருக்குத் தெரியும்? தப்பு வந்தால் எரர் செய்தியை அப்படியே முழுசாகப் போட வேண்டும், "Failed" என்று சுருக்கக் கூடாது. பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் பெயரும் மட்டும் அதில் வரவே கூடாது, லாகை யார் யாரோ திறப்பார்கள். இடம் பிடிக்குமே என்ற கவலையும் வேண்டாம். தினம் நாலு வரி என்றால் வருஷம் முழுக்க 100 கேபி கூட வராது. மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பெரிசு :)