ஓயா இல்ல, ஒயா

சிங்களத் துணையோட பழகுற நம்மட பெடியனும் பெட்டையும் மனசில உள்ளத சொல்ல வாற நேரம் "ஐ லவ் யூ"வுக்குள்ள ஒளிச்சிக்கொள்றது வழக்கம். துணையின்ட மொழியிலதான் சொல்லணும் எண்டது என்ட கருத்து. ஆனா அத தமிழ் எழுத்தில எழுதி மனப்பாடம் பண்ணக்கூடாது, காதால பழகணும்.

வசனம் இதுதான்: மம ஒயாட ஆதரெயி. 1949இல தொடங்கின கல்லோயாத் திட்டத்தால "ஓயா" எண்ட சொல் அம்பாறைக்காரர் எல்லாருக்கும் பழக்கம். சிங்களத்தில ஆறு எண்டா "ஒய", ரெண்டு உயிரும் குறில். "நீ" எண்டா "ஒயா", முதல் உயிர் குறில், அடுத்தது நெடில். நாம எழுதுற "ஓயா" ரெண்டுக்கும் பொருந்தாது. கடைசி நெடில விட்டு "ஒயட" எண்டு சொன்னா, ஆத்த காதலிக்கிற மாதிரி ஆகிடும்.

அடுத்தது அந்த "ட". தமிழில தனி ட எண்டா "பாடம்" மாதிரி அதிர்ந்து வரும், "ட்ட" எண்டா "பட்டம்" மாதிரி நிண்டு வரும். சிங்கள ட ரெண்டுக்கும் நடுவில. "பட்டம்" எண்டதில வாற அதே வல்லோசைதான், ஆனா நிக்காம, நாக்க ஒரு தட்டுத் தட்டி எடுக்கணும். "ஆதரெயி"யில வாற த "ஆந்தை"யில கேக்கிற த. "ஆதரவு" எண்டு சொல்ற மாதிரி காத்து விட்டுச் சொல்லாதீங்க.

தாளத்துக்கு விரலால மேசையில தட்டுங்க. குறிலுக்கு ஒண்டு, நெடிலுக்கு ரெண்டு: ம-ம, ஒ-யா-ட, ஆ-த-ரெயி. அதாவது 1-1, 1-2-1, 2-1-2. இங்கிலீசில "லவ்"வ அழுத்துற மாதிரி இதில ஒரு சொல்ல அடிச்சுச் சொல்லத் தேவையில்ல. நெடில் தன்ட நீளத்தாலேயே எடுபடும். "மம"வில ரெண்டாவது ம, "ஒயாட"வில கடைசி ட, "ஆதரெயி"யில த, மூண்டையும் வாயைப் பெரிசாத் திறக்காம தளர்வா விடுங்க. முதல்ல "ஆதரெயி" மட்டும், பிறகு "ஒயாட ஆதரெயி", கடைசியில முழு வசனம் எண்டு பின்னாலிருந்து கட்டிப் பழகினா முடிவு தடுமாறாது.

பெரிய பிழை உச்சரிப்பில இல்ல, வேற்றுமையில. நாம "எனக்கு உன்ன விருப்பம்" எண்டு சொல்லுவம். "கு" நமக்கு வரும். சிங்களத்தில அந்த "கு"வின்ட வேலையச் செய்யிற "ட" காதலிக்கப்படுறவருக்குத்தான் போகும். தமிழ நினைச்சிக்கொண்டு "மட ஒயா ஆதரெயி" எண்டு சொன்னா, "நீ என்ன காதலிக்கிறா" எண்டு நீங்களே முடிவு சொன்ன மாதிரி. கேக்கிற ஆள் சிரிக்கலாம், இல்லாட்டி திமிர் எண்டு நினைக்கலாம்.

சரியா வருதா எண்டு பாக்க, சிங்களம் பேசுற கூட்டாளி ஒருத்தருக்கிட்ட "ஒயாட", "ஒயட" ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லி, எது ஆளுக்கு, எது ஆத்துக்கு எண்டு கேளுங்க. அவர் தடுமாறாமப் பிரிச்சிச் சொன்னா, துணைக்கிட்டப் போகலாம்.