லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? கேள்வியைத் திருப்பிக் கேட்போம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. வாகனம் வாங்க நினைப்பவர்கள் இப்போது மூன்று விதமான கணக்குகளைக் கேட்கிறார்கள். ஜப்பானிய வாகனம் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்கிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவினர்கள் நூறு கிலோமீற்றருக்கு இத்தனை லீற்றர் என்கிறார்கள். இலண்டனில் இருப்பவர் கலனுக்கு ஐம்பது மைல் என்கிறார்.

மாற்றுவது எளிது. நூறை ஒரு லீற்றருக்கு ஓடும் கிலோமீற்றரால் வகுத்தால், நூறு கிலோமீற்றருக்குத் தேவையான லீற்றர் வரும். 20 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு 5 லீற்றர். பிரித்தானிய மைல் கணக்கை 2.825 ஆல் வகுக்க வேண்டும். இலண்டன்காரரின் ஐம்பது மைல், லீற்றருக்கு ஏறத்தாழ 17.7 கிலோமீற்றர். அமெரிக்கக் கலன் சிறியது என்பதால் அங்கே 2.352 ஆல் வகுக்க வேண்டும். அதே ஐம்பது அப்போது 21.3 ஆகிவிடும். ஆகவே, எந்த நாட்டுக் கலன் என்பதை முதலில் கேளுங்கள்.

நமக்குப் பழகியது முதலாவது கணக்குத்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும், 2022 இல் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கும் எரிபொருள் அளவாகவே கிடைத்தது. அதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே கேள்வி. ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் தந்தபோது, லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினால் 125 கிலோமீற்றர் உழைக்கலாம். அந்தக் கேள்விக்கு அந்தக் கணக்குச் சரி.

இன்று பலருக்குத் தூரம்தான் நிலையானது. வேலைக்கும் வைத்தியசாலைக்கும் போகும் தூரம் மாறாது. மாறுவது செலவு. அங்கே பழைய கணக்கு ஏமாற்றும்.

ஒரு குடும்பத்தில் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வானும், 20 ஓடும் காரும் உண்டு என்று வைப்போம். இரண்டும் மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகின்றன. காரை மாற்றி 25 ஓடும் கார் வாங்கினால் 50 லீற்றர் 40 ஆகும், மிச்சம் 10. வானை மாற்றி 10 ஓடும் வான் வாங்கினால் 125 லீற்றர் 100 ஆகும்; மிச்சம் 25. ஐந்து கிலோமீற்றர் கூடியதைவிட இரண்டு கிலோமீற்றர் கூடியது அதிகம் மிச்சப்படுத்துகிறது. நூறு கிலோமீற்றர் கணக்கில் இது உடனே தெரியும்: காருக்கு 5 லீற்றர் 4 ஆகிறது, வானுக்கு 12.5 லீற்றர் 10 ஆகிறது.

விற்பவர் சொல்லும் எண் பெரும்பாலும் ஆய்வுகூடச் சோதனையில் வந்தது. நம் வீதியிலும் வெயிலிலும், ஏ.சி. போட்டு ஓடும்போதும் அது குறையும். உண்மையை அறியத் தாங்கியை நிரப்பி, மீற்றரைக் குறித்து, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரை நூறால் பெருக்கி, ஓடிய தூரத்தால் வகுங்கள். நான் விலை பேசுமுன் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.