ஆபீஸுக்கு ஒரு நடைக் கையேடு: இரண்டு பக்கத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் சின்ன அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலை பார்ப்பவர்கள் ஐந்து பேர். ஒருவர் 'ஜிஎஸ்டி' என்று எழுதுவார், இன்னொருவர் 'ஜி.எஸ்.டி.' என்பார். எல்லோரும் ஒரே மாதிரி எழுத இரண்டு பக்கக் கையேடு போடலாம் என்று உட்கார்ந்தால், ஒற்று மிகுமா மிகாதா என்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

முதலில் செய்ய வேண்டியது வேறு. கடைசியாக அனுப்பிய முப்பது கடிதங்களை எடுத்து, ஒரே விஷயம் இரண்டு விதமாக எழுதப்பட்ட இடங்களைக் குறிக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: 'இதனால் படிப்பவருக்கோ நமக்கோ ஏதாவது கெடுகிறதா?'

தேதியில்தான் பணம் போகும்

'31-க்குள் ஆவணங்களை அனுப்பவும்' என்ற வரியைப் பாருங்கள். 30-ம் தேதியே கைக்கு வந்துவிடும் என்று அலுவலகம் நினைக்கிறது. வாடிக்கையாளரோ 31-ம் தேதி ராத்திரி அனுப்பினாலும் போதும் என்று இருக்கிறார். அன்றுதான் தாக்கலுக்கும் கடைசி நாள் என்றால், தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை போகும். '30 ஜூலை, புதன், மாலை 5 மணி வரை' என்று எழுதினால் குழப்பமே இல்லை. மாதத்தை எழுத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. 04/05 என்பது நமக்கு மே 4. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு ஏப்ரல் 5.

பெயரில்தான் ஃபைல் தொலையும்

'எஸ்.முருகன்', 'முருகன் எஸ்', 'முருகன் சண்முகம்' என மூன்று விதமாக எழுதினால், ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல் உருவாகும். தேடும்போது ஒன்றுதான் அகப்படும். பான் கார்டில் உள்ளபடியே பெயர் எழுத வேண்டும் என்பது இரண்டாவது விதி.

மிச்சமெல்லாம் பட்டியலுக்கு

'ஜிஎஸ்டி'யில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதை வாதிடாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் பக்கத்தில் அகரவரிசைச் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். 'தந்த பலகை', 'தந்தப் பலகை' போல ஒற்று பொருளையே மாற்றும் இடங்கள் உண்டு. ஆனால், அலுவலகக் கடிதத்தில் அவை அபூர்வம். அதை, கடிதம் போகும் முன் படித்துப் பார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

முதல் பக்கத்தில் ஏழெட்டு விதிகள் போதும். ஒவ்வொன்றின் கீழும் சரியான உதாரணம் ஒன்று இருக்கட்டும். விதியை மறந்தாலும் உதாரணத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். புது விதி கேட்பவர், அது இல்லாததால் குழப்பம் வந்த கடிதம் ஒன்றைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், அது சொற்பட்டியலுக்குத்தான் போகும்.