ஐயர் என்பது வேலையின் பெயர் அல்ல

கோயிலுக்குள் நுழையும்போது என்ன சொல்ல வேண்டும், பூசை செய்பவரை எப்படி அழைக்க வேண்டும் என்று யாரும் நமக்கு வகுப்பு எடுப்பதில்லை. அம்மாவும் அப்பத்தாவும் சொல்வதைக் கேட்டு நாமும் சொல்கிறோம். அப்படிக் கேட்டுப் பழகிய சொற்களில் சாதி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று நின்று பார்ப்பதும் இல்லை.

நான் விளாங்குடிக்காரன். 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டாலும் பழக்கவழக்கத்தில் இன்னும் பாதி ஊராகவே இருக்கிற இடம். எங்கள் பக்கம் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு கோயிலுக்குப் போவார். தெருமுனை அம்மன் கோயிலில் பூசை செய்பவர் அவருக்கு ‘பூசாரி’. ‘ஏப்பா பூசாரி, திருநீறு குடுப்பா’ என்று உரிமையோடு கேட்பார். பூசாரிக்கு வயது அறுபது இருந்தாலும் ‘ப்பா’தான். அங்கிருந்து பேருந்து ஏறி ஆரப்பாளையம் வழியாக மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனால் அதே ஆளின் முதுகு தானாக வளைகிறது. இருபத்தைந்து வயது அர்ச்சகரைப் பார்த்து ‘சாமி, கொஞ்சம் தீபாராதனை காட்டுங்க சாமி’ என்கிறார். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை. விளக்கு ஏற்றுகிறார்கள், பூ சாத்துகிறார்கள், திருநீறு தருகிறார்கள். ‘ப்பா’வுக்கும் ‘சாமி’க்கும் நடுவில் இருக்கும் தூரம் பிறப்பு மட்டுமே.

‘சாமி’ என்று சொல்லாதவர்கள் ‘ஐயரே’ என்பார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானித்தார்கள். பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் தன் நாடார் பட்டத்தை விட்டார். அந்த இயக்கத்தின் பலனாகத்தான் இன்று தமிழ்நாட்டில் வகுப்பறையிலோ அலுவலகத்திலோ யாரையும் சாதிப் பட்டம் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் கருவறை வாசலில் மட்டும் ஒரு மனிதரைப் பெயரே இல்லாமல் சாதிப் பட்டத்தால் மட்டுமே கூப்பிடுகிறோம், அதை மரியாதை என்றும் நம்புகிறோம்.

ஆகமத்தின் கணக்குப்படி பார்த்தாலும் அந்தச் சொல் தவறு. மீனாட்சியம்மன் கோயிலில் பரம்பரையாகப் பூசை செய்பவர்களுக்குப் பட்டர் என்று பெயர். அவர்கள் ஆதிசைவர்கள், சிவாச்சாரியார் மரபினர். பொதுவாக ஐயர் எனப்படும் ஸ்மார்த்தப் பார்ப்பனர்கள் அந்தக் கருவறைக்குள் போய்ச் சிலையைத் தொட ஆகமம் அனுமதிப்பதில்லை. அந்த வாசலில் ஐயரும் நம்மோடு வெளியில் நிற்க வேண்டியவர்தான். இதைச் சொல்வது ஐயர் மேல் பரிதாபப்பட அல்ல. ‘பூசை செய்பவர் என்றால் ஐயர்’ என்ற சமன்பாடு எந்தச் சாத்திரத்திலிருந்தும் வரவில்லை, நம் பழக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டவே சொல்கிறேன். பழக்கத்தில் வந்ததைப் பழக்கத்தால் மாற்றலாம்.

மாற்ற வேண்டிய அவசரமும் இருக்கிறது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1970இலேயே கொண்டுவந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிப்பை ஏற்றது. ஆனால் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டது என்று சொல்லிவிட்டதால் கதவு திறந்தும் திறக்காமலும் நின்றது. 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று அரசாணை வந்தது. பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன, அவற்றில் ஒன்று மதுரையில். இருநூறுக்கு மேற்பட்டோர் பயிற்சி முடித்து, வழக்கு முடியட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களில் முதல் நியமனம் 2018இல் மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில் நடந்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்று மேலும் பலருக்குப் பணி ஆணை கொடுக்கப்பட்டது.

இப்படி வந்த ஒருவரிடம் போய் ‘ஐயரே’ என்று கூப்பிட்டால் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். அவர் பேசாமல் இருந்தால் பொய்யான சாதியைப் போர்த்திக்கொண்டவர் ஆகிறார். ‘நான் ஐயர் இல்லைங்க’ என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: ‘அப்ப நீங்க எந்தப் பக்கம்?’ மதுரையில் ‘எந்தப் பக்கம்’ என்பதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ‘ஐயரே’ என்ற அழைப்பே அவரிடம் சாதிச் சான்றிதழ் கேட்கிறது. சட்டப் புத்தகம் சொல்லும் வார்த்தை அர்ச்சகர். அது வேலையின் பெயர், யாருக்கும் பொருந்தும்.

கேள்வி அவர் பக்கத்திலிருந்தும் வரும். அர்ச்சனைச் சீட்டை நீட்டியதும் ‘பேர், நட்சத்திரம், கோத்திரம்?’ என்பார். அர்ச்சனைக்கு முன்னால் சொல்லும் சங்கல்பத்தில் கோத்திரம், நட்சத்திரம், ராசி, பெயர் என்று வரிசையாகச் சேர்ப்பது வழக்கம். கோத்திரம் என்பது ரிஷி வழிப் பரம்பரைக் கணக்கு. பெரும்பாலான தமிழ்ச் சாதிகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. இல்லை என்றால் சிவன் கோயிலில் ‘சிவ கோத்திரம்’, பெருமாள் கோயிலில் ‘விஷ்ணு கோத்திரம்’ என்று போட்டுக்கொள்வார்கள். வழிபாட்டில் இதனால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வரிசையில் பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் யாருக்குக் கோத்திரம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று தெரிந்துவிடுகிறது. இதற்கு நம் பாட்டிமார்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ‘சாமி பேருக்கே பண்ணிடுங்க.’ அந்த ஒரு வாக்கியத்தில் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றும் தேவையற்றுப் போகின்றன. எந்த அர்ச்சகரும் அதை மறுப்பதில்லை.

மொழியையும் கேட்டு வாங்கலாம். ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ திட்டம் 2021 ஆகஸ்டில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் தொடங்கியது. திட்டம் உள்ள கோயில்களில் தமிழில் அர்ச்சனை செய்பவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய பலகை வைக்கப்படுகிறது. ஆனால் கேட்டால்தான் தமிழ் வரும், கேட்காவிட்டால் வடமொழிதான். ஆகவே சீட்டை நீட்டும்போதே ‘வணக்கம் ஐயா, தமிழ்ல பண்ணுங்க, சாமி பேருக்கு’ என்று சொல்லிவிடுவது நல்லது. மந்திரம் தொடங்கிய பிறகு சொன்னால் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

இதே ‘வணக்கம் ஐயா’வைத்தான் தெருமுனைப் பூசாரிக்கும் சொல்ல வேண்டும் என்கிறேன். மேலே இருப்பவரைக் கொஞ்சம் இறக்குவதைவிட, கீழே வைத்தவரை ஏற்றுவதுதான் இதில் கடினமான பாதி. பட்டரிடம் ‘சாமி’யை விட்டுவிட்டு, பூசாரியிடம் ‘ப்பா’வை மட்டும் வைத்துக்கொண்டால் அது சமத்துவம் ஆகாது.

‘வணங்கினால்தானே மரியாதை’ என்பவர்களுக்கு அவர்கள் மரபிலிருந்தே ஒரு பதில் உண்டு. கோயிலுக்குள் சாமியைத் தவிர வேறு யாரையும் வணங்கக்கூடாது என்பது சைவ வழிபாட்டு முறை. விழுந்து கும்பிடுவது கொடிமரத்தின் அருகில்தான். உள்ளே போய் அர்ச்சகர் காலில் விழுவது பக்தியின் கணக்கிலேயே பிழை. நுழையும்போது ‘சிவ சிவ’ என்பதும் ‘கோவிந்தா’ என்பதும் ‘ஓம் சக்தி’ என்பதும், ஒன்றும் சொல்லாமல் சிற்பம் பார்க்கப் போவதும் அவரவர் விருப்பம். சாமியிடம் சொல்வதில் எனக்கு வழக்கு இல்லை. மனிதரிடம் சொல்வதில்தான் வழக்கு.

சொல்லைப் பிடித்துத் தொங்குவது சின்ன விஷயம் என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஐந்து ஆதிதிராவிடர்களும் ஒரு நாடாரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். அன்று யாரும் சிலையைத் தொடவில்லை, கருவறைக்குள் போகவில்லை. மற்றவர்களைப் போல நின்று கும்பிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கே பட்டர்களில் ஒரு பகுதியினர் சுத்திகரிப்புச் செய்யாமல் பூசை செய்ய முடியாது என்றார்கள். எதிர்ப்பாளர்கள் நடேச ஐயர் என்பவரின் வீட்டில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். ராஜாஜி அமைச்சரவை அவசரச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் நுழைந்தவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அந்த ஆறு பேர் வென்று கொடுத்தது மற்றவர்களைப் போலவே நின்று கும்பிடும் உரிமை. அந்த இடத்தில் நின்றுகொண்டு ‘சாமி’ என்று குழைவது, கிடைத்த உரிமையில் பாதியைத் திருப்பிக் கொடுப்பது.

கடைசியாக, கைக்கு மேலே ஒரு சாண் உயரத்திலிருந்து திருநீறு விழுவதைப் பற்றி. அதைப் பார்த்தவுடன் தீண்டாமை என்று முடிவு கட்ட வேண்டாம். பூசை நேரத்து மடி என்று பட்டர்கள் சிலர் எல்லோருக்குமே அப்படித்தான் போடுவார்கள். உங்களுக்கு முன்னால் நின்றவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் எப்படித் தருகிறார் என்று பாருங்கள். எல்லோருக்கும் ஒரே உயரம் என்றால் அது அவர் மடி. ஆளைப் பார்த்து, தெருவைப் பார்த்து உயரம் மாறினால் அது குற்றம். மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே முறையில் வழிபட விடாமல் தீண்டாமையின் பேரில் தடுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தண்டிக்கிறது. தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவும், தடுத்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். இது நகரத்துப் பெரிய கோயிலுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பூசாரிக்கும் பொருந்தும். சாதியால் தாழ்த்தப்பட்ட பூசாரியே சேரிக்காரருக்குத் திருநீற்றைத் தள்ளி நின்று போடும் கோயில்களும் இருக்கின்றன. அங்கேயும் முதல் சொல் ‘வணக்கம் ஐயா’தான். இரண்டாவது சொல், ‘அவருக்குக் கொடுத்த மாதிரியே எனக்கும் கொடுங்க.’