எஸ்பிஎஃப் 50 எப்போது உண்மையிலேயே 50?

2025 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் பயனீட்டாளர் அமைப்பான ‘சாய்ஸ்’, கடைகளில் விற்கப்படும் 20 சன்ஸ்கிரீன்களை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தது. அவற்றில் 16, உறையில் அச்சிடப்பட்டிருந்த எஸ்பிஎஃப் அளவை எட்டவில்லை. எல்லாவற்றிலும் மோசமான முடிவு ‘அல்ட்ரா வயலெட்’ நிறுவனத்தின் ‘லீன் ஸ்கிரீன்’ களிம்புக்குக் கிடைத்தது. 50+ என்று விற்கப்பட்ட அது பெற்ற மதிப்பெண் 4. ஏதோ தவறு நடந்திருக்கும் என்று ஜெர்மனியில் வேறோர் ஆய்வகத்திடம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே வந்தது 5.

நிறுவனம் முதலில் மறுத்தது. பிறகு அதுவே பல ஆய்வகங்களில் சோதித்தபோது 4 முதல் 64 வரை விதவிதமான எண்கள் வந்தன. ஆகஸ்டில் அந்தக் களிம்பைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. அதே மூலக் கலவையில் வேறு பெயர்களில் சுமார் இருபது களிம்புகள் விற்பனையில் இருந்ததும், அந்தக் கலவை 21-ஐத் தாண்ட வாய்ப்பில்லை என்பதும் பின்னர் ஆஸ்திரேலிய அரசின் ஒழுங்குமுறை அமைப்பின் அறிவிப்பில் வெளிவந்தன.

செய்தியைப் படித்ததும் நம் கையிலிருக்கும் டியூப்பைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். அதில் தப்பில்லை. ஆனால் சோதனையில் தேறிய களிம்பும்கூட, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு மாணவரின் முகத்துக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் 50-ஆக இருப்பதில்லை. ஏனென்று புரிய, அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

எஸ்பிஎஃப் சோதனை மனிதர்களின் முதுகில் நடக்கிறது. குறைந்தது பத்துப் பேரைப் படுக்க வைத்து, முதுகில் ஒரு சிறு பகுதியில் சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று எடை போட்டுக் களிம்பைப் பூசுகிறார்கள். அது படிய 15 முதல் 30 நிமிடம் காத்திருக்கிறார்கள். பிறகு சூரிய ஒளியைப் போன்ற கதிர்களைத் தரும் விளக்கை, களிம்பு பூசிய இடத்திலும் பூசாத இடத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக, படிப்படியாகக் கூட்டிக்கொண்டே பாய்ச்சுகிறார்கள். மறுநாள் அதே மனிதரின் தோலைப் பார்த்து, எந்தப் புள்ளி முதலில் சிவந்தது என்று குறிக்கிறார்கள். பூசாத தோல் 1 பங்கு கதிருக்குச் சிவந்து, பூசிய தோல் 50 பங்குக்குத்தான் சிவந்தது என்றால் எஸ்பிஎஃப் 50.

இதில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, இது கதிரின் அளவை ஒப்பிடும் எண். நேரத்தைச் சொல்லும் எண் அல்ல. ‘பத்து நிமிடத்தில் தோல் எரியும் என்றால் எஸ்பிஎஃப் 50 போட்டு 500 நிமிடம் நிற்கலாம்’ என்ற கணக்கு தவறு. காலை எட்டு மணி வெயிலும் பிற்பகல் ஒரு மணி வெயிலும் ஒன்றல்ல. மேலும், சோதனையில் படுத்திருப்பவர் வியர்ப்பதில்லை, கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுமில்லை.

இரண்டாவது, அந்த எண் டியூப்புக்கு உரியதல்ல. 2 மில்லிகிராம் படலத்துக்கு உரியது. படலம் மெலிந்தால் எண்ணும் இறங்கும்.

‘எஸ்பிஎஃப் 30 என்றால் 97 விழுக்காடு தடுக்கும், 50 என்றால் 98 விழுக்காடு, ஒரு விழுக்காட்டுக்கு எதற்கு அதிகக் காசு?’ என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறோம். தடுக்கப்பட்டது தோலுக்கு ஒன்றும் செய்யாது. உள்ளே நுழைந்ததைத்தான் கணக்கிட வேண்டும். எஸ்பிஎஃப் 30-இல் நூற்றுக்கு 3.3 பங்கு நுழைகிறது, 50-இல் 2 பங்கு. ஆகவே வித்தியாசம் சிறிதல்ல. ஆனால் அது போதுமான அளவு பூசியவருக்கு மட்டும் கிடைக்கும் வித்தியாசம்.

இப்போது பிஏ-வுக்கு வருவோம். எஸ்பிஎஃப் தோல் சிவப்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தோலைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் யுவி-பி என்ற புற ஊதாக் கதிர். அந்தச் சோதனைக்கு, சிவப்பு தெளிவாகத் தெரியும் வெளிர்நிறத் தோல் உள்ளவர்களையே எடுக்கிறார்கள். நம்மில் பலரின் தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. வெயில் நம்மிடம் விட்டுச் செல்வது வேறு: கருத்த நெற்றி, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புத் தழும்பு, கன்னத்தில் படரும் மங்கு. இவற்றில் யுவி-ஏ கதிருக்குப் பெரும் பங்கு உண்டு.

பிஏ அளவுகோலை 1996-இல் ஜப்பானின் அழகுப் பொருள் தொழில் சங்கம் கொண்டுவந்தது. இங்கே பார்ப்பது சிவப்பை அல்ல, கருமையை. யுவி-ஏ கதிரைப் பாய்ச்சி, சில மணி நேரம் கழித்தும் மறையாமல் நிற்கும் கருமை எத்தனை பங்கு கதிருக்குப் பிறகு தோன்றுகிறது என்று பார்க்கிறார்கள். 2 முதல் 4-க்குள் வந்தால் ஒரு கூட்டல் குறி, 8-க்குள் வந்தால் இரண்டு, 16-க்குள் வந்தால் மூன்று, 16-உம் அதற்கு மேலும் நான்கு. நான்காவது குறி 2013-இல்தான் சேர்ந்தது. ஆகவே பிஏ++++ என்பது ஒரு நுழைவாயில் மட்டுமே. 16 பெற்றதும் 30 பெற்றதும் ஒரே நான்கு குறிகளைத்தான் போட்டுக்கொள்ளும். இங்கேயும் பூசும் அளவு அதே 2 மில்லிகிராம்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேஎல் சென்ட்ரல் வரும் மாணவருக்குப் பிஏ-தான் முக்கியம். சாதாரணக் கண்ணாடி யுவி-பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். யுவி-ஏ கணிசமாக உள்ளே வரும்.

சரி, 2 மில்லிகிராம் என்றால் நம் கையில் எவ்வளவு? முகம், காது, கழுத்து எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 600 சதுர செண்டிமீட்டர். இரண்டால் பெருக்கினால் 1.2 கிராம், அதாவது கால் தேக்கரண்டி. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு பிதுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். முதல்முறை செய்பவர் ‘இவ்வளவா?’ என்றுதான் கேட்பார்.

படிவம் 5 மாணவி ஒருவர் 50 மில்லி டியூப் ஒன்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்பிஎஃப் 50, பிஏ++++. தினமும் காலையில் ஒருமுறை பூசுகிறார், ஆறு மாதம் வருகிறது. சிக்கனம் என்று வீட்டில் பாராட்டுகூடக் கிடைக்கலாம். 50 மில்லியை 180 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 0.28 மில்லி. அதை 600 சதுர செண்டிமீட்டரில் பரப்பினால் சதுர செண்டிமீட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. சோதனை அளவில் கால் பங்குகூட இல்லை.

அப்போது அவர் முகத்தில் உள்ள எஸ்பிஎஃப் எவ்வளவு? இதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. அளவு குறையும் விகிதத்திலேயே பாதுகாப்பும் குறைகிறது என்கின்றன சில ஆய்வுகள். அந்தக் கணக்கில் சுமார் 12 கிடைக்கும். பாதுகாப்பு அதைவிட வேகமாகச் சரிகிறது என்கின்றன வேறு சில. அந்தக் கணக்கில் 2.5-தான். உண்மை களிம்பின் தன்மையையும், எவ்வளவு சீராகப் பூசினோம் என்பதையும் பொறுத்து, இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். எப்படிப் பார்த்தாலும் 50 இல்லை. நான்கு கூட்டல் குறிகளும் இதே போல ஒன்றுக்கு அருகில் இறங்கிவிடும்.

இங்கேதான் ஆஸ்திரேலியச் செய்தியை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தவறிய 16 களிம்புகளில் பல, இருபதுகளிலும் முப்பதுகளிலும் எண் பெற்றவை. அது நேர்மையான விற்பனை அல்லதான். ஆனாலும் 28 பெற்ற ஒன்றை முழு அளவில் பூசியவர், அசல் 50-ஐக் கால் பங்கு பூசிய நம் மாணவியைவிட நல்ல பாதுகாப்பில் இருக்கிறார். உண்மையிலேயே 4 பெற்றதை மட்டும் எந்த அளவும் காப்பாற்றாது.

குறைவாகப் பூசுவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமில்லை. முதல் காரணம் விலை. 50 மில்லி டியூப் 40 ரிங்கிட் என்றால், 1.25 மில்லி வீதம் 40 முறைதான் வரும். ஒருமுறை பூச ஒரு ரிங்கிட். இரண்டாவது காரணம் நிறம். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை-ஆக்சைடு கலந்த பல களிம்புகளை முழு அளவில் பூசினால் பழுப்புத் தோலில் சாம்பல் பூத்துவிடும். யாராக இருந்தாலும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். எனவே வாங்கும்போது தயங்காமல் இரண்டு விரல் பூசக்கூடியதாகவும் கட்டுப்படியாவதாகவும் பார்ப்பது மேல். அது எஸ்பிஎஃப் 30, பிஏ+++ ஆக இருந்தாலும் பரவாயில்லை. கையை மூட பாஜூ கூரோங்கின் முழுக்கையே போதும், அதற்குக் களிம்பு செலவழிக்க வேண்டாம். குடைக்கும் அதே கணக்கு.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதால், கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, சுமார் ஒன்றேகால் மணிக்கு. காலைப் பள்ளி விடும் நேரமும் ஏறக்குறைய அதுவே. விடிவதற்கு முன் ஆறரை மணிக்குப் பூசிய களிம்பு, ஏழு மணி நேர வியர்வைக்குப் பிறகு அந்த வெயிலைச் சந்திக்கிறது. ஒரு நாளுக்கு ஒருமுறைதான் பூச முடியும் என்றால், கடைசிப் பாடவேளைக்கு முந்திய இடைவெளி காலையைவிடப் பயனுள்ளது. திடலில் நீண்ட நேரம் இருக்கும் நாளில் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

டியூப்பின் மீதான சந்தேகத்துக்கு ஓரளவு விடை உண்டு. மலேசியாவில் சன்ஸ்கிரீன் அழகுப் பொருளாகவே கருதப்படுகிறது. விற்பனைக்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-விடம் அறிவிக்க வேண்டும். NOT என்று தொடங்கி K என்று முடியும் அந்த அறிவிப்பு எண்ணை என்பிஆர்ஏ இணையத்தளத்தின் QUEST3+ தேடலில் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத, இணையச் சந்தையில் மட்டும் கிடைக்கும் களிம்பை ஒதுக்கிவிடுங்கள். ஆனால் அறிவிப்பு எண் இருப்பதால் அரசு அந்த எஸ்பிஎஃப்-ஐச் சோதித்து ஒப்புதல் தந்ததாகப் பொருளல்ல. அதற்கு ஆதாரம் வைத்திருப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

நம் பக்கத்துச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு பேனா போதும். புது டியூப்பைத் திறக்கும் அன்று அதன் அடியில் தேதியை எழுதுங்கள். முகம், காது, கழுத்துக்கு மட்டும் தினம் ஒருமுறை என்றால் 50 மில்லி 40 நாளில் தீர வேண்டும். இருமுறை என்றால் 20 நாளில்.